கட்டண வசூல் விவரம் தினமும் கோப்பாக வேண்டும்: மென்பொருள் நிறுவனத்துக்குத் தலைமை ஆசிரியர் எழுத வேண்டிய கடிதம்

"ஃபீஸ் கட்டியவர்களின் விவரத்தைத் தினமும் அனுப்பி வைக்கவும்" என்று ஒரு வரி மெயில் போட்டால், பெரும்பாலும் வந்து சேர்வது வகுப்புவாரி பாக்கிப் பட்டியல் ஒன்று, அதுவும் பிடிஎஃப் வடிவில். பார்க்க அழகாக இருக்கும். அதை வைத்துக் கல்லாவையும் சரிபார்க்க முடியாது, வங்கிக் கணக்கையும் சரிபார்க்க முடியாது. நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டது அப்படி. என்ன கேட்க வேண்டும், எந்தச் சொல்லை விட்டால் எது கைநழுவும் என்று பார்த்துவிட்டு, அப்படியே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கடிதத்தையும் கீழே தருகிறேன். தமிழ்நாட்டுத் தனியார் பள்ளி ஒன்றை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்: கவுண்டரில் ரொக்கமும் செக்கும் வாங்குகிறார்கள், யுபிஐ க்யூஆரும் ஆப் வழி ஆன்லைன் கட்டணமும் ஒரே பேமென்ட் கேட்வே வழியாக வருகின்றன.

படி 1: யார் கையெழுத்து?

மென்பொருள் ஒப்பந்தம் பெரும்பாலும் தாளாளர் பெயரிலோ அறக்கட்டளை பெயரிலோ இருக்கும். தலைமை ஆசிரியர் மட்டும் எழுதினால் "ஒப்புதல் வாங்கி அனுப்புங்கள்" என்று பதில் வரும், இரண்டு வாரம் போய்விடும். தாளாளரின் மேலொப்பத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

படி 2: பட்டியல் வேண்டாம், பதிவுகள் வேண்டும்

'யார் கட்டிவிட்டார்கள்' என்பது ஒரு நிலை. 'இன்று என்னென்ன நடந்தது' என்பது பதிவுகளின் வரிசை. நமக்கு வேண்டியது இரண்டாவது. திங்களன்று செக் கொடுத்த பெற்றோர் அன்றைய பட்டியலில் 'கட்டியவர்' ஆகிறார். வியாழனன்று செக் திரும்பியதும் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகிறார். எப்போது, எந்த ரசீது, எவ்வளவு தொகை என்பதற்குப் பட்டியலில் தடயமே இருக்காது. பதிவுகளாகக் கேட்டால் வியாழக்கிழமைக் கோப்பில் கழித்தல் குறியோடு ஒரு வரி வந்து நிற்கும்.

இதனால்தான் திருத்தத்தைப் பற்றியும் கடிதத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளார்க் 8,500 என்பதை 5,800 என்று போட்டுவிட்டு மறுநாள் அதே ரசீதைத் திறந்து சரிசெய்தால், பல மென்பொருள்களில் பழைய தொகை அழிந்து புதியது உட்காரும். நேற்றைய கோப்போ ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே, எந்தத் திருத்தமானாலும் பழைய ரசீதுக்கு ஒரு ரத்து வரி, புதிய ரசீதுக்கு ஒரு வரவு வரி என்று இரண்டாகவே வர வேண்டும்.

படி 3: 'தினமும்' என்றால் எந்தத் தேதி?

பலரும் சறுக்கும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள். ஒரு கட்டணத்துக்குக் குறைந்தது மூன்று தேதிகள் உண்டு: பெற்றோர் பணம் கொடுத்த தேதி, அது மென்பொருளில் பதிவான தேதி, வங்கிக் கணக்கில் வந்து விழுந்த தேதி. 'தினசரிக் கோப்பு' என்று மட்டும் எழுதினால் நிரல் எழுதுபவர் முதல் தேதியைத்தான் எடுத்துக்கொள்வார். ரசீதில் அச்சாகும் தேதி அதுதானே.

ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம். 2025 ஜூன் 12, வியாழன். முந்தைய நாள் மாலை வேன் டிரைவரிடம் ஒருவர் கொடுத்தனுப்பிய 2,000 ரூபாயை, கிளார்க் 12ஆம் தேதி காலையில் '11ஆம் தேதி' என்று போட்டுப் பதிகிறார். பிறகு ரொக்கமாக ஒரு டெர்ம் ஃபீஸ் 8,500. யுபிஐயில் ஒரே ரசீதாக டெர்ம் 8,500, வேன் 2,400. பிற்பகலில், 9ஆம் தேதி வாங்கிய 8,500 ரூபாய் செக் திரும்பி வந்ததால் ரசீதை ரத்து செய்கிறார். அன்றைய கோப்பு இப்படி இருக்க வேண்டும்:

```
row_id,row_type,receipt_no,entry_time,paid_date,adm_no,fee_head,amount,mode,ref_no
50211,RECEIPT,R-01842,2025-06-12 09:20:11,2025-06-11,00417,VAN,2000.00,CASH,
50212,RECEIPT,R-01843,2025-06-12 10:14:05,2025-06-12,00582,TERM1,8500.00,CASH,
50213,RECEIPT,R-01844,2025-06-12 11:02:40,2025-06-12,01106,TERM1,8500.00,UPI,516311204417
50214,RECEIPT,R-01844,2025-06-12 11:02:40,2025-06-12,01106,VAN,2400.00,UPI,516311204417
50215,CANCEL,R-01790,2025-06-12 15:31:52,2025-06-09,00893,TERM1,-8500.00,CHEQUE,004512
```

ஐந்து வரிகள், நிகரத் தொகை 12,900. ரொக்கம் மட்டும் 10,500. அன்று மாலை கல்லாவில் இருப்பதும் அதேதான்.

இதையே பணம் கொடுத்த தேதிப்படி எடுத்தால் 12ஆம் தேதிக் கோப்பில் நடுவிலுள்ள மூன்று வரிகள்தான் வரும், கூட்டினால் 19,400. வேன் காசு 11ஆம் தேதிக்குச் சேர வேண்டியது. ஆனால் 11ஆம் தேதிக் கோப்பு அன்று நள்ளிரவே உருவாகி வந்துவிட்டது, அதில் இது இல்லை. செக் ரத்து 9ஆம் தேதிக்குப் போய்விடும், அதுவும் பழைய கோப்பு. இந்த இரண்டு வரிகளும் எந்த நாளின் கோப்பிலும் வராது. கல்லாவில் 10,500 இருக்கும், கோப்பில் 8,500 இருக்கும், நடுவில் கேஷியர் மாட்டிக்கொள்வார்.

ஆகவே கடிதத்தில் எழுத வேண்டிய வாக்கியம் இது: எந்தப் பதிவு எந்த நாளின் கோப்பில் வர வேண்டும் என்பதை `entry_time` மட்டுமே தீர்மானிக்க வேண்டும், `paid_date` வெறும் தகவலாக உடன் வர வேண்டும்.

'இந்திய நேரப்படி' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். சர்வரின் கடிகாரம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடினால் அதன் நள்ளிரவு நமக்கு விடிகாலை 5.30. இரவு ஒரு மணிக்கு ஆப்பில் கட்டும் பெற்றோரின் பணம் முந்தைய நாள் கோப்பில் போய் நிற்கும். கவுண்டர் வசூல் பகலிலேயே நடப்பதால் இந்தத் தவறு மாதக்கணக்கில் கண்ணில் படாது. கடைசி நாளன்று நள்ளிரவு தாண்டியும் பெற்றோர் ஆன்லைனில் கட்டும்போதுதான் தெரியவரும்.

படி 4: எந்தெந்த நெடுவரிசைகள்

மேலே உள்ள பத்து போதும். நிரலர் படிப்பதற்கென்று அந்தத் தலைப்பு வரியை ஆங்கிலத்திலேயே இணைப்பாகக் கொடுத்துவிடுங்கள், கடிதம் தமிழில் இருக்கட்டும். சிலவற்றை மட்டும் விளக்க வேண்டும்.

`row_id` என்பது கோப்புக்குக் கோப்பு தொடரும் வரிசை எண். இன்று 50215இல் முடிந்தால் நாளை 50216இல் தொடங்க வேண்டும். நடுவில் எண் விட்டிருந்தால் ஏதோ வரி விடுபட்டிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். தரவுத்தளம் தானாகப் போடும் எண்ணை அப்படியே கொடுத்தால் இது பலிக்காது. பாதியில் நின்றுபோன பதிவுகளுக்கும் அது எண்ணைச் செலவழித்துவிடும், எனவே இயல்பாகவே இடைவெளி விழும். ஏற்றுமதிக்கென்று தனி வரிசை எண் கேளுங்கள்.

ஒரு ரசீதில் இரண்டு கட்டணத் தலைப்புகள் இருந்தால் இரண்டு வரிகள், R-01844 போல. ரசீதுக்கு ஒரு வரி என்று வாங்கிக்கொண்டால் டெர்ம், வேன் வசூலைப் பிரிக்க மீண்டும் ரசீதுக் கட்டைத்தான் புரட்ட வேண்டியிருக்கும். தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி குழு நிர்ணயிப்பதால், நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு வந்தது, மற்றவை எவ்வளவு வந்தன என்று பிரித்துக் காட்ட இந்தத் தலைப்புதான் கைகொடுக்கும்.

`amount` என்பது ரசீதில் போட்ட கட்டணம் மட்டும். ஆன்லைனில் கட்டும்போது பெற்றோரிடம் தனியாகப் பிடிக்கும் சேவைக் கட்டணம் அதில் கலக்கக் கூடாது.

மாணவர் பெயர், கைபேசி எண், ஆதார் எண் எதுவும் வேண்டாம் என்பேன். சேர்க்கை எண் இருந்தால் பெயரை அலுவலகப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கையாள அமர்த்திய நிறுவனத்தின் செயலுக்கும் அமர்த்தியவரையே பொறுப்பாக்குகிறது. இங்கே அமர்த்தியவர் பள்ளி. தினமும் மெயிலில் போகும் கோப்பில் பிள்ளைகளின் விவரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

படி 5: வங்கியில் வந்த பணத்துக்குத் தனிக் கோப்பு

யுபிஐயில் வந்த 10,900 ரூபாய் வங்கிக் கணக்கில் அன்றே 10,900 ஆக விழாது. கேட்வே நிறுவனம் பொதுவாக அடுத்த வேலை நாளில், பல கட்டணங்களை ஒன்றாகக் கூட்டி, தன் கட்டணத்தையும் அதற்கான 18% ஜிஎஸ்டியையும் கழித்துக்கொண்டு அனுப்பும். பேச்சுக்கு அதன் கட்டணம் 20 ரூபாய் என்றால் வரி 3.60. வங்கி அறிக்கையில் 13ஆம் தேதியில் 10,876.40 என்று ஒரு வரி இருக்கும்.

'எந்த நாள் வங்கியில் வந்தது' என்ற நெடுவரிசையையும் வசூல் கோப்பிலேயே கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். கோப்பு உருவாகும் நள்ளிரவில் அந்தத் தகவலே பிறந்திருக்காது. நெடுவரிசை என்றென்றும் காலியாகவே வரும், பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்குப் பதில் இரண்டாவது கோப்பு ஒன்று கேளுங்கள்:

```
settle_date,utr,ref_no,gross,charge,tax,net
```

இரண்டு கோப்புக்கும் பாலம், ஆன்லைன் கட்டணத்தின் பரிவர்த்தனை எண்ணான `ref_no`. வங்கி அறிக்கைக்கும் இந்தக் கோப்புக்கும் பாலம், வங்கிப் பரிமாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணான `utr`. ஞாயிறும் வங்கி விடுமுறையும் வந்தால் இரண்டு மூன்று நாள் வசூல் சேர்ந்து விழும். `utr` ஒன்றாக உள்ள வரிகளின் `net` தொகையைக் கூட்டினால் வங்கி வரி கிடைக்க வேண்டும்.

படி 6: எப்படி வந்து சேர வேண்டும்

நிறுவனம் "ஏபிஐ இருக்கிறதே" என்று சொல்லலாம். அதை அழைத்துத் தரவை எடுக்க நிரல் எழுதுபவர் பள்ளியில் இருந்தால் சரி, இல்லையென்றால் அது நமக்கில்லை. "டாஷ்போர்டில் எக்ஸ்போர்ட் பட்டன் இருக்கிறது" என்பதும் தினசரிக் கோப்பு ஆகாது. கிளார்க் விடுப்பில் போனால் அன்று கோப்பு இல்லை.

என் தேர்வு: கோப்புகளைப் பாதுகாப்பாகப் பரிமாற உதவும் தன் எஸ்எஃப்டிபி சர்வரில் நிறுவனம் கோப்பை வைக்கட்டும், அலுவலகக் கணினி WinSCP என்ற மென்பொருள் கொண்டு எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் மெயிலும் பரவாயில்லை, பெயர் விவரம் இல்லாத கோப்புதானே. ஆனால் பள்ளியின் அலுவலக முகவரி இரண்டுக்குப் போக வேண்டும், ஒருவரின் சொந்த மெயிலுக்குப் போகக் கூடாது.

வசூலே இல்லாத நாளிலும் தலைப்பு வரி மட்டும் உள்ள கோப்பு வர வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வசூல் இல்லையா, சர்வர் படுத்துவிட்டதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மொத்தத் தொகையைக் கோப்பின் கடைசி வரியாகப் போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அந்த நெடுவரிசையைக் கூட்டும்போது மொத்தமும் சேர்ந்து 12,900 என்பது 25,800 ஆகிவிடும். வரிகளின் எண்ணிக்கையும் மொத்தமும் மெயிலின் உடலில் இருந்தால் போதும், எஸ்எஃப்டிபி என்றால் தனிக் கோப்பில்.

கடிதம்

அனுப்புநர்: தலைமை ஆசிரியர், (பள்ளியின் பெயர், முகவரி)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, (நிறுவனத்தின் பெயர், முகவரி)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: கட்டண வசூல் பதிவுகளைத் தினசரிக் கோப்பாக வழங்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: எங்கள் பள்ளிக்கும் தங்கள் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம், நாள் …

தங்கள் மென்பொருளில் பதிவாகும் கட்டண விவரங்களை எங்கள் ரொக்கப் பதிவேட்டுடனும் வங்கிக் கணக்குடனும் நாள்தோறும் சரிபார்க்க வேண்டியுள்ளது. எனவே இணைப்பு 1இல் கண்ட பத்து நெடுவரிசைகளுடன் ஒரு சிஎஸ்வி கோப்பு தினமும் தானாக உருவாகி, மறுநாள் காலை 6 மணிக்குள் எங்களுக்குக் கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு நாளின் கோப்பில், இந்திய நேரப்படி அன்று 00:00:00 முதல் 23:59:59 வரை மென்பொருளில் பதிவான எல்லா வரிகளும் இடம்பெற வேண்டும். பணம் செலுத்திய தேதி வேறாக இருந்தாலும் பதிவான நேரமே கணக்கு. ரத்து, செக் திரும்புதல், பணத்தைத் திருப்பித் தருதல் ஆகியவை நடந்த நாளின் கோப்பில், கழித்தல் குறியுடன் தனி வரியாக வர வேண்டும். முன்பு அனுப்பிய வரி எதுவும் பின்னர் மாறக் கூடாது. திருத்தம் செய்தால் ரத்து வரி ஒன்றும் புதிய வரவு வரி ஒன்றும் தர வேண்டும்.

வசூல் இல்லாத நாளிலும் தலைப்பு வரியுடன் கோப்பு வர வேண்டும். கோப்பின் பெயர் fees_2025-06-12.csv என்ற அமைப்பிலும், மறுபடி அனுப்ப நேர்ந்தால் fees_2025-06-12_r2.csv என்றும் இருக்கலாம். வரிகளின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் தனியே தெரிவிக்கவும். மாணவர் பெயர், கைபேசி எண், ஆதார் எண் ஆகியவற்றைக் கோப்பில் சேர்க்க வேண்டாம்.

கேட்வே வழியாக வங்கிக்கு வந்த தொகைகளுக்கு இணைப்பு 2இன்படி தனிக் கோப்பு தேவை.

ஏப்ரல் 1 முதல் இன்று வரையிலான பதிவுகளை இதே அமைப்பில் ஒருமுறை வழங்கவும். முதல் மூன்று நாள் கோப்புகளை நாங்கள் சரிபார்த்துத் தெரிவித்த பிறகு இதை நடைமுறையாகக் கொள்ளலாம். கூடுதல் கட்டணம் உண்டெனில் தொகையையும், பணி முடியும் தேதியையும், கோப்பு வராத நாளில் தொடர்புகொள்ள வேண்டியவரையும் பத்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியர்
மேலொப்பம்: தாளாளர்

இணைப்பு 1இல் படி 3இன் தலைப்பு வரியையும் ஐந்து மாதிரி வரிகளையும், இணைப்பு 2இல் படி 5இன் தலைப்பு வரியையும் அப்படியே வையுங்கள். நிரலருக்கு விளக்கத்தைவிட மாதிரிதான் பேசும். மாதிரியில் செக் ரத்து வரி கட்டாயம் இருக்கட்டும்.

படி 7: முதல் மூன்று நாள்

சோதனைக்கு முதல் நாள் ஒரு ரசீது போடுங்கள். இரண்டாம் நாள் அதை ரத்து செய்யுங்கள், முதல் நாள் தேதியிட்டு இன்னொரு ரசீதும் போடுங்கள். இரண்டாம் நாள் கோப்பில் இரண்டுமே இருந்தால் படி 3 சரியாக நடந்திருக்கிறது. மூன்றாம் நாளை ஞாயிறாக வைத்துக்கொண்டு, காலிக் கோப்பு வருகிறதா என்று பாருங்கள். சோதனை ரசீதுகளைக் கடைசியில் ரத்து செய்ய மறக்காதீர்கள்.

பிறகு தினமும் பார்க்க வேண்டியவை இரண்டே கூட்டல்கள், H, I தவிர்த்த வேறொரு நெடுவரிசையில் போடுங்கள்:

```
=SUM(H:H)
=SUMIFS(H:H,I:I,"CASH")
```

முதலாவது நிறுவனம் சொன்ன மொத்தத்தோடும், இரண்டாவது கல்லாவோடும் பொருந்த வேண்டும்.

கோப்பை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் 00417 என்பது 417 ஆகிவிடும், செக் எண் 004512 என்பது 4512 ஆகும், யுபிஐ எண் 5.16311E+11 என்று தெரியும். அப்படியே சேமித்தால் கோப்பிலும் அதுவே பதிந்துவிடும், அசல் எண் திரும்பாது. Data > From Text/CSV வழியாக எடுத்து, Do not detect data types என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது தொகையும் எழுத்தாகவே வரும், SUM போட்டால் 0 காட்டும். Transform Data உள்ளே போய் Use First Row as Headers கொடுங்கள், அதோடு Changed Type என்ற படி தானாகச் சேர்ந்தால் அதை நீக்கிவிட்டுத் தொகை நெடுவரிசையை மட்டும் எண்ணாக மாற்ற வேண்டும். இந்த வேலைக்கு லிப்ரே ஆபீஸ் கால்க்தான் எனக்குப் பிடிக்கும். கோப்பைத் திறக்கும்போதே நெடுவரிசைகளைக் காட்டிக் கேட்கும், `adm_no`, `ref_no` இரண்டையும் Text என்று குறித்தால் முடிந்தது. எதில் திறந்தாலும் வந்த கோப்பின் அசல் பிரதியைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வைத்திருங்கள்.

பின்சேர்க்கை: அண்ணன் தங்கை இருவருக்கும் பெற்றோர் ஒரே யுபிஐயில் கட்டினால், சேர்க்கை எண் இரண்டும் ரசீது இரண்டும் வரும், `ref_no` ஒன்றாகவே இருக்கும். "ஒரே எண் இரண்டு முறை வந்திருக்கிறது" என்று அதை நகல் எனக் கருதி ஒரு வரியை நீக்கிவிடும் தவறு நடக்கிறது. நகலா என்று பார்க்க `row_id` மட்டுமே அளவுகோல். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: பெற்றோர் கணக்கிலிருந்து பணம் போய், கேட்வேயின் தகவல் மென்பொருளுக்கு வந்து சேராவிட்டால் ரசீதே உருவாகாது, வசூல் கோப்பிலும் இருக்காது. அது இரண்டாவது கோப்பில் மட்டும், வசூல் கோப்பில் ஜோடி இல்லாத `ref_no` ஆகத் தலைகாட்டும். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு அன்றே நிறுவனத்துக்கு எழுதுங்கள். கவுண்டரில் கையால் ரசீது போட்டுவிட்டால், பின்னர் தகவல் வந்து சேரும்போது மென்பொருள் தானும் ஒரு ரசீது போட்டு, அதே பணம் இரண்டு முறை வரவாகிவிடும்.